புதுப்பிப்பு: கடல்பாசி எடுக்கும் அக்கா படம்

“முகத்தை நடுவில் வைத்து வெட்டினேன். போஸ்டரில் பார்ப்பவர் கண் எங்கும் நிற்கவில்லை, ஏன்?” போன வாரம் கேட்டது இது.

பாம்பன் ஸ்டுடியோ அண்ணன் பார்த்ததும் ஓரத்துச் சிவப்பு கேனைத் தொட்டார். “கண் முதலில் இங்கேதான் போகுது.” கேனோடு வலது ஓரத்தை வெட்டி, படத்தை மூன்றுக்கு மூன்றாகப் பிரிக்கும் கட்டத்தில் அக்காவின் கண்ணை வலது மேல் கோடுகளின் சந்திப்பில் நிறுத்தினேன். அவர் இடப்பக்கம் பார்க்கிறார். அங்கே காலிக் கடல், தலைப்புக்கு அருமையான இடம்.

“தொடுவானமும் மேல்கோட்டில் வரணும்” என்றான் தம்பி. அது அவர் தோளருகே ஓடுகிறது. அதைக் கட்டத்தின் மேல்கோட்டுக்கு ஏற்றினால் தலை மேல்விளிம்பில் முட்டியது. முகத்துக்கே முதலிடம் கொடுத்தேன்.

மதினி தன் கல்யாணப் படத்தை நீட்டினார். அதில் பத்துப் பேர் வரிசையாக நிற்கிறார்கள், எதை முதன்மையாக்குவது?