கஸ்டர்ட் ஐஸ்கிரீம்: ராத்திரி முழுக்க வைத்தே ஆகணுமா?

பாம்பன் பாலத்தடி:
மஞ்சள் கரு போட்டுக் காய்ச்சும் ஐஸ்கிரீம் கலவையை ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் வைக்கணும் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். சும்மா பந்தா. ஆறினால் போதும். பாத்திரத்தை ஐஸ் தண்ணீரில் முக்கி வைத்தால் கொஞ்ச நேரத்தில் சில்லென்று ஆகிவிடும், உடனே கடையலாம். என்ன சொல்றீங்க?

கீழக்கரை லாத்தா:
போன நோன்புக் கஞ்சிச் சண்டையிலும் இதே தோரணைதான், தம்பி. அப்பவும் "அதெல்லாம் தேவையில்லை".

ஐஸ் தண்ணீரில் முக்குவது நல்ல பழக்கம், நானும் செய்கிறேன். சூடான கலவையை அப்படியே ஃபிரிட்ஜில் தள்ளினால் நடுப்பகுதி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே கிடக்கும். முட்டையும் பாலும் சேர்ந்தது அப்படிக் கிடந்தால் கெட்டுப்போகும். ஆனால் அது முதல் வேலை மட்டும்தான்.

82 டிகிரி வரை காய்ச்சும்போது பாலிலும் கிரீமிலும் உள்ள கொழுப்பு முழுக்க உருகிவிடுகிறது. கலவை 4 டிகிரிக்கு இறங்கிய உடனே அது திரும்பக் கெட்டியாகிவிடாது. கொழுப்பு கண்ணுக்குத் தெரியாத துளிகளாகச் சிதறிக் கிடக்கிறது. ஒரு துளி உறைந்தால் பக்கத்துத் துளியும் கூடவே உறையாது, ஒவ்வொன்றும் தனித்தனியாகத்தான் உறைய வேண்டும். அதற்குச் சில மணி நேரம் பிடிக்கும். இப்படிப் பாதி உறைந்த துளிகள்தான் கடையும்போது ஒன்றோடொன்று ஒட்டி, காற்றுக் குமிழைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். ஐஸ்கிரீம் கரண்டியில் நிற்பதும் தட்டில் நிதானமாக உருகுவதும் அதனால்தான்.

பாம்பன் பாலத்தடி:
பெரிய பிரசங்கம். விஷயம் சின்னது. கலவை சில்லென்று இருந்தால் மெஷினில் சீக்கிரம் உறையும். சீக்கிரம் உறைந்தால் பனித்துகள் சின்னதாக இருக்கும், நாக்கில் நறநறக்காது. சூடாக ஊற்றினால் மெஷின் கிண்ணத்தின் குளிர்ச்சி பாதியிலேயே தீர்ந்துபோகும். அவ்வளவுதான் காரணம். இதில் கொழுப்பு எங்கே வந்தது? ஆறினால் போதும்.

கீழக்கரை லாத்தா:
பனித்துகள் பற்றிச் சொன்னது சரி. அது இல்லை என்று யார் சொன்னது? அது மட்டும்தான் என்பதில்தான் தகராறு.

தேவிபட்டினம் செல்வி:
அக்கா, நடுவில் ஒரு கேள்வி. எனக்குக் காய்ச்சும்போதே திரிதிரியாக முட்டைப் பொரியல் மாதிரி ஆகிவிடுகிறது, கவுச்சி வேறு. ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் வைத்தால் அது சரியாகிவிடுமா? என் வீட்டுக்காரர் சாப்பிடவே மாட்டேன் என்கிறார்.

கீழக்கரை லாத்தா:
ஆகாது, செல்வி. ஒரு தடவை திரிந்த முட்டை திரிந்ததுதான். 85 டிகிரியைத் தாண்ட விட்டிருக்கிறீர்கள், இல்லாவிட்டால் கொதிக்கும் பாலில் கருவை நேராகக் கொட்டியிருக்கிறீர்கள்.

அரை லிட்டர் பால், கால் லிட்டர் கிரீம், 150 கிராம் சீனி, 5 மஞ்சள் கரு என்று வைத்துக்கொள்ளுங்கள். கருவையும் சீனியையும் வெளிறும் வரை அடியுங்கள். ஆவி வரும் பாலில் ஒரு கரண்டி எடுத்து, கருவைக் கலக்கிக்கொண்டே ஊற்றுங்கள். அப்படியே இன்னும் இரண்டு மூன்று கரண்டி ஊற்றிய பிறகு மொத்தத்தையும் பாத்திரத்தில் சேர்த்துச் சிறுதீயில் அடிபிடிக்காமல் துழாவுங்கள். கரண்டியின் பின்பக்கம் கலவை படிந்து, விரலால் கோடு கிழித்தால் கோடு மூடாமல் நிற்க வேண்டும். அந்த நொடியே இறக்கி வடிகட்டி, ஐஸ் தண்ணீரில் வையுங்கள். சூடான பாத்திரத்திலேயே விட்டால் அடுப்பை அணைத்த பிறகும் வெந்துகொண்டே இருக்கும். கவுச்சி பெரும்பாலும் அளவு மீறி வேகவிடுவதால் வருவது.

மண்டபம் மீசை:
ரெண்டு பேரும் சண்டை போடுங்க, நான் ஒன்று கேட்கிறேன். ஐஸ்கிரீம் ஆலைகளில் நாலு மணி நேரம் வைத்தாலே போதும் என்கிறார்கள். அப்படியென்றால் லாத்தா சொல்லும் ராத்திரிக் கணக்கும் பந்தாதானே?

பாம்பன் பாலத்தடி:
அப்படிப் போடுங்கண்ணே. நாலு மணி நேரமாம். ராத்திரி எங்கே போச்சு?

கீழக்கரை லாத்தா:
மீசை அண்ணே, ஆலையில் கலவையைக் குழாயில் ஓட்டி நிமிஷத்தில் 4 டிகிரிக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். நாலு மணி நேரம் என்பது அங்கிருந்து தொடங்கும் கணக்கு. நம் வீட்டு ஃபிரிட்ஜைப் பிள்ளைகள் தண்ணீர் பாட்டிலுக்காகத் திறந்துகொண்டே இருக்கும், கரண்டும் போய்ப் போய் வரும். 4 டிகிரியைத் தொடவே எவ்வளவு நேரமோ? ராத்திரி வைத்தால் கணக்குப் பார்க்க வேண்டியதில்லை. கலவையும் கெட்டிப்படும்.

மஞ்சள் கருவுக்கும் அதில் வேலை இருக்கிறது. காய்ச்சிய உடனே கொழுப்புத் துளியைச் சுற்றிப் பால் புரதம் கெட்டியான தோலாகப் போர்த்தியிருக்கும். கருவில் உள்ள லெசித்தின் குளிரில் மெல்ல மெல்ல அந்தப் புரதத்தில் கொஞ்சத்தைத் தள்ளிவிட்டுத் தான் உட்காரும். தோல் மெலிந்தால்தான் கடையும்போது துளிகள் ஒட்டும்.

மண்டபம் மீசை:
அப்ப முட்டை போடாத ஐஸ்கிரீம் கலவையை மட்டும் ஏன் வைக்கிறார்கள்? ராமேஸ்வரத்தில் முட்டையில்லாததுதான் அதிகம் ஓடும்.

கீழக்கரை லாத்தா:
அதிலும் கொழுப்பு உறைய வேண்டுமே. ஆலைக்காரர்கள் கருவுக்குப் பதில் வேறு எதையாவது சேர்ப்பார்கள்.

மண்டபம் மீசை:
அப்ப முட்டை காரணமில்லை. கொழுப்புதான்.

கீழக்கரை லாத்தா:
ரெண்டும்தான் என்று மேலே எழுதியிருக்கிறேனே, படிக்கிறீங்களா இல்லையா?

பாம்பன் பாலத்தடி:
நானே செய்து பார்த்தேன். ஒரே கலவை, பாதியை அன்றே கடைந்தேன், பாதியை மறுநாள். ருசியில் ஒரு வித்தியாசமும் இல்லை. ஆறினால் போதும்.

கீழக்கரை லாத்தா:
ருசியில் எங்கே தேடுறீங்க? உருகுவதில் பார்க்கணும். ரெண்டிலும் ஒரே அளவு எடுத்து, ரெண்டு டீ வடிகட்டியில் வைத்து டம்ளர் மேல் மாட்டுங்கள். அன்றே கடைந்தது சீக்கிரம் சொட்டத் தொடங்கி, கொஞ்ச நேரத்தில் தளர்ந்து சரிந்துவிடும். வைத்துக் கடைந்தது வடிவம் கலையாமல் மெதுவாகச் சொட்டும். கலவை சரியாகக் குளிராமல் கடைந்தால் இன்னொரு அடையாளமும் உண்டு. மெஷின் துடுப்பில் வெண்ணெய் மாதிரி ஒட்டும், சாப்பிட்டால் மேல் அண்ணத்தில் பிசுக்காக நிற்கும்.

அப்புறம், எத்தனை கரு போட்டீங்க?

பாம்பன் பாலத்தடி:
கருவா? பாக்கெட் கஸ்டர்ட் பவுடர்தான். அதுவும் மஞ்சளாகத்தானே இருக்கு.

மண்டபம் மீசை:
😂😂😂

கீழக்கரை லாத்தா:
யா அல்லாஹ். அது சோள மாவும் கலரும், தம்பி! மாவே கூழாகக் கெட்டியாகி எல்லாவற்றையும் பிடித்து நிறுத்திவிடும், அதில் வித்தியாசம் எங்கே பெரிதாகத் தெரியப்போகுது? இத்தனை நேரம் எதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்?

பாம்பன் பாலத்தடி:
கஸ்டர்ட் கஸ்டர்ட்தான். கீழக்கரைக்காரர்கள் வட்டலப்பம் அவிப்பதால் முட்டைக்கே பட்டா வாங்கிவிட்டது போலப் பேச வேண்டாம். எங்கள் ஊரில் ஐஸ் கம்பெனிக் கட்டியை உடைத்து, வாலிநோக்கம் கல்லுப்பைக் கலந்து, நடுவில் தூக்குவாளியை வைத்துச் சுழற்றுவோம். ஃபிரிட்ஜே வேண்டாம்.

கீழக்கரை லாத்தா:
வட்டலப்பத்தை இழுக்க வேண்டாம். தேங்காய்ப்பாலில் முழு முட்டையைத் திரியாமல் அவிக்கத் தெரிந்தவர்களுக்குத்தான் இந்தச் சூட்டுக் கணக்கு கைவரும். அப்புறம் அந்தக் கம்பெனிக் கட்டி மீனுக்குப் போடுவது. வாளிக்கு வெளியே மட்டும் இருக்கட்டும், ஒரு சில்லு உள்ளே விழுந்தாலும் மொத்தத்தையும் கொட்டணும். உப்பு ஐஸ் கடைவதற்கு, ஊறவைப்பதற்கு இல்லை.

பாம்பன் பாலத்தடி:
எங்கள் கம்பெனிக் கட்டி கண்ணாடி மாதிரி இருக்கும். உங்கள் ஊர்க் குழாய்த் தண்ணீரை விடச் சுத்தம்.

மண்டபம் மீசை:
தண்ணீர்ப் பேச்சு வந்தாச்சு. இனி காவிரிக் கூட்டுக் குடிநீர் வரைக்கும் போகும்.

தேவிபட்டினம் செல்வி:
அக்கா, ஒரு கேள்வி. மிஞ்சிய வெள்ளைக் கருவை என்ன செய்வது? ஐந்தையும் கொட்டவா?

பாம்பன் பாலத்தடி:
பவுடர் போட்டால் அந்தக் கவலையே இல்லை, தங்கச்சி. ஆறினால் போதும்.

கீழக்கரை லாத்தா:
செல்வி, கொட்டாதீங்க, மூடி போட்டு ஃபிரிட்ஜில் வைத்து நாளைக்கு ஆம்லெட்டில் சேருங்க. தம்பி, நீங்க முதலில் ஒரு முட்டையை உடைத்துவிட்டு வாங்க.