ஓணத்துக்கு லீவு போட்டால் ஆபீஸ் நாள் கடனா? எல்லை தாண்டி வேலைக்குப் போகிறவர்களின் அனுபவங்கள்

வேலந்தாவளம்

சரவணம்பட்டிப் பக்கம் ஒரு மென்பொருள் கம்பெனியில் வாடிக்கையாளர் உதவிப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். பதினான்கு பேர். ஐந்து பேர் என்னைப் போல எல்லைக்கு அந்தப் பக்கம்: கொழிஞ்சாம்பாறை, சித்தூர், பாலக்காடு. மற்றவர்கள் கோவை.

போன வருஷம் மேலிடம், எல்லாரும் செவ்வாய், புதன், வியாழன் ஆபீஸ் வர வேண்டும் என்றது. எங்களுக்கு இருப்பதோ ஒன்பது மேஜை. மீதி ஐந்து பேர் கேன்டீனில் லேப்டாப்போடு. வந்தவர்களும் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வாடிக்கையாளரிடம் பேசினார்கள். அதை வீட்டிலிருந்தே செய்திருக்கலாம். பத்து மணிக்குக் கார்டைத் தேய்த்துவிட்டுப் பன்னிரண்டுக்கு நழுவியவர்களும் உண்டு. பதிவேட்டில் மட்டும் எல்லாம் பச்சை.

அப்புறம் இரண்டு மாதம் ஒரு நோட்டில் எழுதி வைத்தேன்: எந்த வேலைக்கு நிஜமாகவே எல்லாரும் ஒரே இடத்தில் இருக்க வேண்டியிருந்தது? இரண்டுதான் தேறியது. புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் ஆறு வாரம். புது வெர்ஷன் வெளியாகும்போது இரண்டு வாரத்துக்கு ஒரு நாள். அதிலிருந்துதான் திட்டம் போட்டோம். மாதம் இரண்டு பொது நாள், அன்றைக்குக் கூட்ட அறையையும் திறந்துவிடுவோம். மற்றபடி ஆறு நாள் அவரவர் விருப்பம், மேஜையை முன்பதிவு செய்ய வேண்டும். ஆக இருபது வேலை நாளில் எட்டு.

முதல் ஓணத்திலேயே சிக்கல். சித்தூர்ப் பெண் ஐந்து நாள் லீவு எடுத்தார். வருகை ஷீட் அப்போதும் எட்டு நாள் கேட்டது. மிச்சமிருந்த பதினைந்து நாளில் பாதிக்கு மேல் பஸ்ஸிலேயே கழிந்தது. பொங்கலுக்குக் கம்பெனியே மூடியதால் எல்லாருக்கும் கணக்குத் தானாகக் குறைந்திருந்தது. அது யார் கண்ணிலும் படவில்லை, என் கண்ணிலும்தான். இப்போது "எட்டு நாள்" என்ற எண்ணை எடுத்துவிட்டோம். வேலை செய்த நாளில் நாற்பது சதவீதம் என்று வைத்தோம். அவர் வேலை செய்தது பதினைந்து நாள் என்றால் ஆறு வந்தால் போதும்.

உங்கள் இடத்தில் எப்படி? அனுபவம் இருப்பவர்கள் எழுதுங்கள்.

காற்றாலை

வீட்டிலிருந்து செய்தால் வேலை கூடும் என்று ஆராய்ச்சியே நிரூபித்துவிட்டதே. டிரிப்.காம் என்ற சீன நிறுவனம், 1,600 பேரை வைத்துச் செய்தது. இதைக் காட்டினால் எந்த மேலாளரும் வாய் திறக்க மாட்டார்.

கஞ்சிக்கோடு ஷிப்ட்

எங்களிடம் இரும்பு உருக்குகிறோம். உலையை வீட்டுக்கு எடுத்துப் போக முடியாதுங்க. ஆனால் அதே கேட்டுக்குள் கொள்முதல், கணக்கு ஆட்கள் வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து செய்கிறார்கள். எங்கள் ஆட்கள் கேட்பது வீட்டு வேலை அல்ல. ஷிப்ட் பட்டியலை மூன்று நாள் முன்னாடியாவது ஒட்டுங்கள், ஆள் மாற்றிக்கொள்ள விடுங்கள், அவ்வளவுதான். "நியாயம்" என்று கொள்கையில் எழுதுகிறவர்கள் இந்தப் பக்கமும் ஒரு எட்டு வந்து பார்க்கட்டும்.

ஒலவக்கோடு அக்கா

இருபது வருஷம் மனிதவளத்தில் இருந்தவள். காற்றாலை தம்பி, நீங்கள் சொல்வதில் பாதி சரி. அந்த ஆய்வு 2024-இல் நேச்சர் இதழில் வந்தது. பிறந்த தேதி ஒற்றைப்படை என்றால் புதனும் வெள்ளியும் வீட்டிலிருந்து செய்யலாம், இரட்டைப்படை என்றால் ஐந்து நாளும் ஆபீஸ். ஆறு மாதம் அப்படி நடந்தது. வேலை மதிப்பீட்டிலும் பதவி உயர்விலும் இரு பக்கமும் வித்தியாசம் இல்லை. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மாறியது வேறொன்று: வேலையை விட்டுப் போகிறவர்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள். அதிலும் பெண்கள், மேலாளர் அல்லாதவர்கள், தூரத்திலிருந்து வருகிறவர்கள். மேலாளரிடம் "வேலை கூடும்" என்று வாக்குக் கொடுத்தால், அடுத்த காலாண்டில் அவரே எண்ணைக் கேட்பார். "பழகின ஆள் போகாமல் இருப்பார்" என்று சொல்லுங்கள். புது ஆளைப் பழக்க ஆறு வாரம் ஆகும் என்று வேலந்தாவளமே எழுதியிருக்கிறாரே.

வேலந்தாவளத்துக்கு ஒரு கேள்வி. நாள் கணக்கைச் சரி பண்ணிவிட்டீர்கள். வேலையை எதை வைத்து அளக்கிறீர்கள்? முடித்த வாடிக்கையாளர் புகார் டிக்கெட் எண்ணிக்கையா?

வேலந்தாவளம்

அக்கா, சரியாகப் பிடித்தீர்கள். முதலில் எண்ணிக்கைதான். அதில் நான் பட்டதைச் சொல்கிறேன்.

ஒரு மாதம் ஒருவர் 140 டிக்கெட் முடித்திருந்தார், இன்னொருவர் 61. நான் 61-க்காரரைக் கூப்பிட்டுக் கேட்கத் தயாராகிவிட்டேன். அவர் பெரும்பாலும் பாலக்காட்டு வீட்டிலிருந்து செய்பவர், அதனால் எனக்குள் ஒரு சந்தேகமும் இருந்தது. மறைப்பானேன். பேசுமுன் டிக்கெட்டுகளைத் திறந்து படித்தேன். 140-இல் பெரும்பங்கு பாஸ்வேர்டு மறந்தது, பில் நகல் அனுப்புவது. காலையில் வரிசை திறந்ததும் லேசானதைப் பொறுக்கி எடுத்துவிடுகிறார். 22 டிக்கெட்டை வாடிக்கையாளரே திரும்பத் திறந்திருந்தார், அதாவது பிரச்சினை தீரவில்லை. ஆனாலும் கணக்கில் முடிந்தது முடிந்ததுதான். 61-இல் பாதி வரிக்கணக்குப் பொருந்தாத கேஸ். ஒவ்வொன்றும் அரை நாள் தின்னும். திரும்ப வந்தது இரண்டே இரண்டு.

இப்போது டிக்கெட் வந்ததும் அதைப் பிரித்துக் கொடுப்பவரே லேசு, நடுத்தரம், கடினம் என்று குறித்துவிடுகிறார். ஒன்று, மூன்று, எட்டு புள்ளி. எடுப்பவர் குறிப்பதில்லை, அப்படி விட்டால் எல்லாமே கடினமாகிவிடும். பதினான்கு நாளுக்குள் திரும்பத் திறந்தால் புள்ளி கழியும். மதிப்பீடு எழுதும்போது வருகைப் பதிவு என் திரையில் வராதபடி செய்துவிட்டோம். எழுதி முடித்த பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். ஆபீசில் என் மேஜைக்குப் பக்கத்தில் உட்காருபவர்களுக்கே நல்ல மதிப்பீடு விழுந்திருந்தால், மறுபடி உட்கார்ந்து படிக்க வேண்டும். முதல் தடவை அப்படித்தான் விழுந்திருந்தது. நான்கு பேருக்குத் திருத்தினேன். பதினான்கு பேரை வைத்து இது தற்செயலா, என் சாய்வா என்று அடித்துச் சொல்ல முடியாதுதான்.

புதிய ஆளுக்குச் சொல்லிக்கொடுப்பது, இன்னொருவர் கேஸில் கை கொடுப்பது, இதற்கெல்லாம் புள்ளி இன்னும் கிடையாது. அது ஓட்டைதான். மாதக் கடைசியில் "யார் உங்களுக்கு உதவினார்கள்" என்று ஒவ்வொருவரையும் கேட்டு எழுதி வைக்கிறேன்.

மேனோன்பாறை

காலை ரயிலில் போகிறவன் நான். வாளையார்ப் பாதையில் யானைக்காக ரயில் மெதுவாகப் போகும். எங்கள் ஆபீசில் ஒன்பதரைக்கு மேல் போனால் அரை நாள் கட். யானைக்குத் தெரியுமா ஒன்பதரை? நாளை எண்ணுகிறவர்கள் மணியையாவது விட்டுவிடலாம்.

ராமநாதபுரம் வாடகை

நான் வேறு பக்கத்திலிருந்து சொல்கிறேன், கோபம் வேண்டாம். தினமும் அலையக் கூடாது என்றுதான் சித்தூர் வீட்டை விட்டு, கோவையில் வாடகை கொடுத்து உட்கார்ந்திருக்கிறேன். இப்போது தூரத்தில் இருப்பவருக்கு நாளைக் குறைக்கலாம் என்று எங்கள் கூட்டத்தில் பேச்சு வருகிறது. வாடகை கொடுக்கிற எனக்கு என்ன கணக்கு? அதுவும் போக, பக்கத்தில் இருப்பதால் கரண்ட் போனால், சர்வர் விழுந்தால் ஓடுவது நான்தான்.

வேலந்தாவளம்

உங்கள் கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. தூரத்தை வைத்து நாளைக் குறைக்க வேண்டாம் என்று நாங்கள் முடிவு செய்தோம். சதவீதம் எல்லாருக்கும் ஒன்று. ஆனால் நாட்களைச் சேர்த்து எடுக்கலாம். பாலக்காட்டுக்காரர் ஒருவர் பீளமேட்டில் மாமா வீட்டில் தங்கி, ஒரே வாரத்தில் ஐந்து நாள் வந்துவிடுகிறார். அவசரத்துக்கு ஓடுகிறவருக்கு அந்த ஒரு ஓட்டமே ஒரு ஆபீஸ் நாள். ஆனால் தங்க மாமா வீடு இல்லாதவருக்கு இது உதவாது. சித்தூர்ப் பெண் அதை முகத்துக்கு நேரே கேட்டார்.

ஒலவக்கோடு அக்கா

அவசர ஓட்டத்துக்கு ஆபீஸ் நாள் போதாதுங்க, பணமாகவே கொடுக்கச் சொல்லுங்கள். அந்தச் சித்தூர்ப் பெண் அடுத்த ஓணம் வரை இருப்பாரா?

வேலந்தாவளம்

இருக்கிறார். இந்த மாதப் பொது நாளைத் திருவோணத்தன்று வைத்துவிட்டேன் என்று நேற்றுதான் சுட்டிக்காட்டினார். மாற்றிவிட்டேன்.