பிவோட் டேபிளுக்குத் தமிழில் என்ன சொல்: சுழலா, தொகுப்பா?

குடியாத்தத்திலிருந்து

குழுவினருக்கு வணக்கம். இங்கே ஒரு கைலி மொத்தக் கடையில் கணக்குப் பார்க்கிறேன். ஆர்டர் பதிகிற பையன்கள் இரண்டு பேருக்கு எக்செல் சொல்லிக்கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. தமிழில் ஒரு பக்கக் குறிப்பு எழுதி மேசையில் ஒட்டிவிடலாம் என்று ஆரம்பித்தேன். பிவோட் டேபிள் என்கிற இடத்தில் மாட்டிக்கொண்டேன். 'சுழல் அட்டவணை' என்று எழுதிக் காட்டினால், "எது சார் சுத்துது?" என்று கேட்கிறான் ஒருவன். நியாயமான கேள்விதான்.

எங்கள் ஆர்டர் ஷீட்டின் ஒரு துண்டு:

```
தேதி         ஊர்       பொருள்   எண்ணிக்கை   விலை
05/11/2024   ஆம்பூர்    கைலி     40          240
12/11/2024   வேலூர்    துண்டு    100         60
18/11/2024   ஆற்காடு   கைலி     25          240
03/12/2024   ஆம்பூர்    கைலி     60          240
21/12/2024   ஆரணி     வேட்டி    30          350
28/12/2024   வேலூர்    கைலி     50          240
```

எந்தச் சரக்கு, எந்த மாதம், எந்தப் பக்கம் எவ்வளவு ரூபாய்க்குப் போனது என்று முதலாளி கேட்பார். பொருளை Rows-இல் போட்டு, எண்ணிக்கையை Values-இல் போட்டால் கைலி 175 என்று வந்துவிடுகிறது. ஆனால் ஷீட்டில் தொகை என்று தனியாக எதுவும் இல்லை. அதற்கும் வழி சொன்னால் நல்லது. முதலில் சொல்லைச் சொல்லுங்கள்.

காட்பாடியிலிருந்து

தம்பிக்கு, 'சுழல்' என்பதில் குறை ஒன்றும் இல்லை. பிவோட் என்பது ஒரு பொருள் எதன் மேல் நின்று திரும்புகிறதோ அந்த முளை. பொருளை இடப்பக்கமும் மாதத்தை மேலேயும் வைத்தீர்கள், பிறகு இரண்டையும் இடம் மாற்றி இழுத்தால் அட்டவணையே திரும்பிக்கொள்கிறது அல்லவா? அந்தத் திருப்பம்தான் அதன் உயிர். முன்பு ஒரு நண்பர் 'புரட்டட்டவணை' என்றார். கணக்கு எழுதுகிற இடத்தில் புரட்டு என்ற சொல் வரலாமா, வருமான வரிக்காரர் பார்த்தால் என்ன ஆகும் என்று சிரித்துவிட்டு விட்டுவிட்டோம்.

தொகைக்கு ஷீட்டைத் தொடவே வேண்டாம். பிவோட்டுக்குள்ளேயே Calculated Field என்று ஒன்று இருக்கிறது. எண்ணிக்கையையும் விலையையும் அங்கே பெருக்கிவிடுங்கள், முடிந்தது.

ராணிப்பேட்டையிலிருந்து

பிவோட் பாயிண்ட்டைப் பற்றித்தானே பேசுகிறீர்கள்? பங்குச்சந்தையில் நேற்றைய உயர்ந்த விலை, தாழ்ந்த விலை, முடிந்த விலை மூன்றையும் கூட்டி மூன்றால் வகுப்போம். அதற்கு 'திருப்புமுனை' என்று நாங்கள் ஏற்கெனவே சொல்கிறோமே.

குடியாத்தத்திலிருந்து

அது வேறு அண்ணே. இது எக்செல் சமாச்சாரம்.

ராணிப்பேட்டையிலிருந்து

ஓ, அதுவா. அதுவும் கடையில் வைத்திருக்கிறேன், ஆனால் அது பொய் சொல்கிறது. தோல் பதனிடும் கெமிக்கல் விற்கிறோம். காலையில் ஏற்றிய ஆர்டர் சாயங்காலம் வரை பிவோட்டில் வருவதில்லை. இதற்கும் சேர்த்து ஒரு பெயர் வையுங்கள்.

ஆரணியிலிருந்து

ராணிப்பேட்டை அண்ணன் சொல்வதில் பாதி விடை இருக்கிறது. பிவோட் நேரடியாக ஷீட்டைப் பார்த்துக்கொண்டு இருப்பதில்லை. ஷீட்டின் ஒரு நகலை எடுத்து உள்ளே வைத்துக்கொண்டு அதிலிருந்துதான் கூட்டுகிறது. Refresh அழுத்தினால்தான் புது நகல் எடுக்கும். அண்ணே, அதற்கு முன் ஆர்டர் ஷீட்டில் ஏதாவது ஒரு கட்டத்தில் நின்று Ctrl+T கொடுத்து அதை டேபிளாக ஆக்கிவிடுங்கள். பிவோட்டை அந்த டேபிளை வைத்தே போட வேண்டும். இல்லையென்றால், முதலில் 500 வரிக்குப் போட்ட பிவோட் Refresh செய்த பிறகும் 501-ஆம் வரியைக் கண்டுகொள்ளாது.

இப்போது காட்பாடி ஐயா சொன்ன பெருக்கல். அதைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். Calculated Field ஒவ்வொரு வரியாகப் பெருக்கிக் கூட்டாது. முதலில் எண்ணிக்கையைக் கூட்டும், விலையைக் கூட்டும், பிறகு அந்த இரண்டு கூட்டுத்தொகையையும் பெருக்கும். குடியாத்தம் ஷீட்டிலேயே பாருங்கள். கைலி நாலு வரி. எண்ணிக்கை 175. விலையின் கூட்டல் 240 நாலு முறை, அதாவது 960. இரண்டையும் பெருக்கினால் 1,68,000 ரூபாய். உண்மையில் விற்றது 175 கைலி, 240 வீதம் 42,000தான். நாலு வரி என்பதால் சரியாக நாலு மடங்கு.

இதில் மோசம் என்னவென்றால், துண்டும் வேட்டியும் ஒவ்வொரு வரிதான் இருக்கின்றன, அதனால் 6,000, 10,500 என்று சரியாகவே வரும். சோதிக்கிறவர் அந்த இரண்டையும் பார்த்துவிட்டு "சரியாத்தான் இருக்கு" என்று போய்விடுவார். கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. மூன்று பொருளையும் கையால் கூட்டினால் 1,84,500. அடியில் Grand Total 4,17,850 என்று காட்டும், ஏனென்றால் அங்கேயும் அது மொத்த எண்ணிக்கை 305-ஐயும் மொத்த விலை 1,370-ஐயும் பெருக்குகிறது. மேலே உள்ளவை கூடிக் கீழே வராவிட்டால் அந்தக் கணக்கை நம்பாதீர்கள்.

வழி எளிது. ஆர்டர் ஷீட்டிலேயே F பத்தியில் தொகை என்று தலைப்புப் போட்டு:

```
=D2*E2
```

பிவோட்டில் அந்தத் தொகையை மட்டும் கூட்டச் சொல்லுங்கள். அப்போது மொத்தம் 58,500. Calculated Field-க்கும் வேலை இருக்கிறது, ஐயா. ஒரே கைலியைப் பெரிய ஆர்டருக்கு விலை குறைத்துக் கொடுக்கிறார்கள் என்றால் சராசரி விலை கேட்பார்கள். விலைப் பத்திக்கு Average போட்டால், 10 கைலி வாங்கியவரும் 500 வாங்கியவரும் சமமாகிவிடுவார்கள். அங்கே இது சரியாக வரும்:

```
='தொகை'/'எண்ணிக்கை'
```

கூட்டிய பிறகு வகுப்பதுதானே அதற்குத் தேவை.

அதனால்தான் சொல்கிறேன், இதன் குணம் சுழலுவதில் இல்லை. முதலில் தொகுக்கும், கணக்கு எல்லாம் அப்புறம். 'தொகுப்பட்டவணை' என்று வைத்தால் பையன்களுக்கு அந்தக் குணம் பெயரிலேயே போய்ச் சேரும். ஆங்கிலத்திலும் இதற்கு ஒரே பெயர் என்று இல்லை. ஓபன் ஆபிஸில் இதே வசதிக்கு முன்பு டேட்டாபைலட் என்றுதான் பேர் இருந்தது, அதில் எங்கே திருப்பம்?

காட்பாடியிலிருந்து

பெருக்கல் விஷயத்தில் அம்மா சொல்வது சரி, நான் வாடகைக் கணக்கில் ஒரு வீட்டுக்கு ஒரே வரியாக வைத்திருந்ததால் தெரியவில்லை. ஆனால் பெயரை விட்டுக்கொடுக்க மாட்டேன். தொகுப்பது மட்டும்தான் என்றால் `SUMIFS` போட்டும் தொகுக்கலாம். அதற்கும் இதற்கும் வித்தியாசம் என்ன? அங்கே வரிசையும் நிரலும் முன்பே தீர்மானித்தவை. இங்கே கையால் இழுத்து மாற்றுகிறோம். அந்த மாற்றத்தைச் சொல்லாத பெயர் பாதிப் பெயர். வேண்டுமானால் 'திருப்பட்டவணை' என்று சுருக்குங்கள்.

ஆம்பூரிலிருந்து

திருப்பட்டவணை என்றால் கோயில் பட்டியல் மாதிரி இருக்கிறதே ஐயா. திருவாராதனை, திருமஞ்சனம், திருப்பட்டவணை.

நான் கேட்க வந்தது வேறு. 'எந்தப் பக்கம்' என்று முதலாளி கேட்கிறார் என்றீர்களே. எங்கள் ஷூ கம்பெனியில் மாவட்டப் பத்தியை வைத்துத்தான் பிவோட் போட்டோம். 2019 வரை வேலூர் விற்பனை நன்றாக இருந்தது, 2020-இல் பாதாளத்துக்குப் போய்விட்டது. வேலூர் விற்பனையாளரைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்கிற அளவுக்குப் போனது. கொரோனாவும் ஒரு காரணம்தான், ஆனால் பெரிய காரணம் வேறு. 2019 நவம்பரில் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டம் ஆனதும், பதிகிறவர் ஆம்பூரையும் வாணியம்பாடியையும் திருப்பத்தூர் என்று போட ஆரம்பித்துவிட்டார். ஆற்காடும் வாலாஜாவும் ராணிப்பேட்டைக்குப் போய்விட்டன. விற்பனை எங்கும் போகவில்லை, பெயர்தான் போனது.

ஆரணியிலிருந்து

அருமையான உதாரணம். மாவட்டம் அரசாங்கம் பிரிக்கிறது, நம் வியாபாரத்துக்காகப் பிரிப்பதில்லை. பழைய வட ஆற்காட்டை நினைத்தால் ஆரணியும் அதில்தான் இருந்தது, 1989-இல் திருவண்ணாமலைப் பக்கம் வந்தது. ஆர்டர் ஷீட்டில் ஊர் மட்டும் இருக்கட்டும். தனி ஷீட் ஒன்றில் ஊருக்கு எதிரே உங்கள் மண்டலத்தை எழுதி வையுங்கள்: ஆம்பூர், வாணியம்பாடி ஒன்று, ஆற்காடு, வாலாஜா ஒன்று, இப்படி உங்கள் வண்டி போகிற வழியை வைத்து. ஆர்டர் ஷீட்டில் மண்டலம் தானாக வரும்:

```
=VLOOKUP(B2,'மண்டலம்'!$A:$B,2,FALSE)
```

`#N/A` வந்தால் அந்த ஊர் பட்டியலில் இல்லை, அல்லது ஊர்ப் பெயருக்குப் பின்னால் ஒரு இடைவெளி ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிழை வருவது நல்லதே. பிவோட்டில் நேரடியாக ஊரைப் போட்டிருந்தால் 'வேலூர்' இரண்டு வரியாக வந்து சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும்.

குடியாத்தத்திலிருந்து

தொகை வந்துவிட்டது, 58,500, நன்றி அக்கா. மண்டலமும் போட்டுவிட்டேன். மாதம்தான் வர மறுக்கிறது. தேதியில் ரைட் கிளிக் செய்து Group கொடுத்தால் `Cannot group that selection.` என்கிறது. ஷீட் எங்கள் பில்லிங் மென்பொருளிலிருந்து சிஎஸ்வி-யாக எடுத்து, அதை இரட்டைக் கிளிக்கில் திறந்தது.

ஆரணியிலிருந்து

தேதிப் பத்தியைக் கொஞ்சம் அகலப்படுத்திப் பாருங்கள். சில தேதிகள் வலது ஓரம், சில இடது ஓரம் நிற்கின்றனவா?

குடியாத்தத்திலிருந்து

ஆமாம். 05, 12, 03 வலது பக்கம். 18, 21, 28 இடது பக்கம்.

ஆரணியிலிருந்து

அப்படியென்றால் அந்தக் கணினி அமெரிக்க முறையில், மாதம் முதலில் என்று வாசிக்கிறது. 18-ஆவது மாதம் கிடையாது, அதனால் 18/11 எழுத்தாகவே தங்கிவிட்டது. அதைத்தான் குழுவாக்க முடியவில்லை என்கிறது. அதைவிட வலப்பக்கம் நிற்பவைதான் ஆபத்து. நவம்பர் 5-ஐ மே 11 என்றும், டிசம்பர் 3-ஐ மார்ச் 12 என்றும் எடுத்துக்கொண்டது. இடப்பக்கத்தை மட்டும் சரிசெய்தால் பிழைச்செய்தி போய்விடும், தீபாவளிக்கு அடுத்த வாரம் விற்றது மே மாதத்தில் ஏறிவிடும்.

திறந்த பிறகு திருத்த முயலாதீர்கள். புது ஷீட்டில் Data → From Text/CSV வழியாக உள்ளே கொண்டுவாருங்கள். அங்கே Transform Data-வில் தேதிப் பத்தியின் வகையை Using Locale என்று மாற்றி, English (India) கொடுங்கள். பிறகு ஏதாவது ஒரு கட்டத்தைச் சோதியுங்கள்:

```
=MONTH(A2)
```

முதல் வரிக்கு 11 வர வேண்டும். 5 வந்தால் இன்னும் திரும்பியிருக்கிறது. அப்புறம் Group கொடுக்கும்போது Months மட்டும் இல்லாமல் Years-உம் சேர்த்துத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் 2023 நவம்பரும் 2024 நவம்பரும் ஒன்றாகக் கூடிவிடும்.

குடியாத்தத்திலிருந்து

வந்துவிட்டது. நவம்பர் 21,600, டிசம்பர் 36,900. மண்டலத்தை Columns-க்கு இழுத்து, மாதத்தை Rows-இல் பொருளுக்குக் கீழே விட்டேன். பையன் பார்த்துவிட்டு, "ஓ, இதுதான் சுத்துறதா" என்றான்.

காட்பாடியிலிருந்து

கேட்டீர்களா ஆரணி அம்மா!

ஆரணியிலிருந்து

கேட்டேன் ஐயா. சுற்றுவது கண்ணுக்குத் தெரிகிறது, தொகுப்பது தெரிவதில்லை, அதனால்தான் பெயரில் தொகுப்பு வேண்டும் என்கிறேன். குடியாத்தம் தம்பி, ஒட்டப்போகிற தாளில் எதைப் போடுகிறீர்கள்?

குடியாத்தத்திலிருந்து

தலைப்பில் 'தொகுப்பட்டவணை (பிவோட்)' என்று போட்டிருக்கிறேன். முதலாளி அதைப் படித்துவிட்டு, "பிவோட்டுன்னே எழுதுப்பா" என்றார். இரண்டையும் விட்டுவைத்திருக்கிறேன். ராணிப்பேட்டை அண்ணே, உங்கள் Refresh என்ன ஆயிற்று?

ராணிப்பேட்டையிலிருந்து

Ctrl+T போட்டேன், சாயங்கால ஆர்டர் வந்துவிட்டது. ஆனால் Refresh அழுத்தினதும் நான் அகலப்படுத்தி வைத்த பத்தி எல்லாம் பழையபடி சுருங்கிவிடுகிறது. அதற்கு என்ன செய்வது?

ஆரணியிலிருந்து

PivotTable Options-இல் `Autofit column widths on update` என்று ஒரு டிக் இருக்கும், அதை எடுத்துவிடுங்கள் அண்ணே.