புதுப்பிப்பு: நிறமில்லா மருதாணி நரையில் என்ன செய்தது

என் கேள்வி: "கருமுடியில் கால்வாசி நரை. சிவக்காமல் பளபளப்பு மட்டும் கிடைக்குமா?"

உதவியவர்களுக்கு நன்றி. சீப்பில் உதிர்ந்த நரைமுடியில் முதலில் சோதிக்கச் சொன்ன அக்காவின் யோசனையே பலித்தது: நிறமில்லா மருதாணி எனப்படும் கேசியா செடியின் இலைப்பொடியை எலுமிச்சைச் சாற்றில் இரவு முழுவதும் ஊறவைத்த விழுது அதை வைக்கோல் நிறமாக்கியது, வெந்நீரில் குழைத்து உடனே பூசியதோ ஏறக்குறைய வெண்மையாகவே விட்டது. ஆகவே 100 கிராம் பொடியை வெந்நீரில் மட்டும் குழைத்து, ஒரு மணி நேரம் வைத்து அலசினேன். மருதாணியைச் சிவக்கவைக்கும் லாசோன் இதில் இல்லாததால் உள்ளங்கையும் சிவக்கவில்லை. "ஆவாரைதானே" என்றவர் பாதி சரி. உறவுச்செடிதான், அதுவே அல்ல. எதிர்பாராதது, முதல் நாள் முடி வறண்டு முரடாக இருந்து, மூன்றாம் நாளே பளபளத்தது. அவுரியால் கறுப்பாக்கச் சொன்னவருக்கு: நான் கேட்டது அதுவன்று. பலமுறை பூசினால் நரையில் மஞ்சள் ஏறும் என்று ஒருவர் எச்சரித்திருந்தார். அடுத்த மாதம் பார்க்க வேண்டும்.