பிளேட்லெட் 268 இருந்தால் ரத்தத்தில் கோளாறே இல்லையா?

தமிழ்வாணி (சுங்கை சிப்புட்): மகளுக்கு 14 வயது. சின்னதிலிருந்தே அடிக்கடி சில்லுமூக்கு உடையும், ரத்தம் நிற்க 20 நிமிடம்கூட ஆகும். எங்கே இடித்தாள் என்றே தெரியாது, தொடையிலும் கையிலும் நீலமாகக் கன்றிப்போய் இருக்கும். கிளினிக்கில் ரத்தம் எடுத்ததில் பிளேட்லெட் 268. வேறு என்ன பார்ப்பது?

தோட்டத்து ராஜு: 268 என்றால் நார்மல், தங்கச்சி. ரத்தத்தில் ஒன்றுமில்லை, வெறும் சூடு. இளநீர் கொடுங்கள், தலைக்கு நல்லெண்ணெய் வையுங்கள். இங்கே சிலர் உடனே பெரிய நோய்ப் பெயரைச் சொல்லிப் பயமுறுத்த வருவார்கள், பாருங்கள்.

லேப் சரோஜா: வந்துவிட்டேன், ராஜு அண்ணே. ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் சொல்கிறேன்: அந்த 268 தலையை மட்டும்தான் எண்ணும். பிளேட்லெட் ஒட்டுகிறதா இல்லையா என்று அது சொல்லாது. ரத்தக்குழாய் கிழிந்த இடத்தில் பிளேட்லெட்டைப் பிடித்து ஒட்டவைக்க வான் வில்லிபிராண்ட் என்ற புரதம் வேண்டும். அது குறைந்தால் எண்ணிக்கை எவ்வளவு இருந்தாலும் ரத்தம் ஒழுகும். பரம்பரையாக வரும் ரத்தப்போக்குக் கோளாறுகளில் இதுதான் அதிகம் காணப்படுவது. தங்கச்சி, பல் பிடுங்கியபோது எப்படி இருந்தது? உங்களுக்கு மாதவிடாய் எப்படி?

தமிழ்வாணி: பல் பிடுங்கி மறுநாள் வரை ரத்தம் கசிந்தது, அக்கா. எனக்கும் என் அம்மாவுக்கும் எப்போதுமே அதிகமாகத்தான் போகும். எங்கள் வீட்டுப் பெண்களுக்கு அப்படித்தான் என்று விட்டுவிட்டோம்.

லேப் சரோஜா: கேட்டீர்களா அண்ணே? மூன்று தலைமுறை. இதையும் சூடு என்பீர்களா?

குமரன் ஈப்போ: அக்கா, கொஞ்சம் பொறுங்கள். மூக்கு ரத்தம் பெரும்பாலும் மூக்கின் முன்பக்கத்துச் சிறு குழாய்களிலிருந்துதான் வரும். ஏர்கோன் காற்று, சளி, விரல் விடுவது, இவ்வளவுதான் காரணம். ஒரே பக்கம் வந்தால் மூக்கு டாக்டரிடம் போங்கள், அவர் அந்தக் குழாயைச் சுட்டு அடைத்துவிடுவார்.

லேப் சரோஜா: தம்பி சொல்வதும் உண்மை, ஆனால் பாதி. மூக்கு மட்டும் என்றால் சரி. பல், தோல், மாதவிடாய் எல்லா இடத்திலும் ஒழுகினால் மூக்கைச் சுட்டு என்ன பயன்?

செல்லையா: எனக்கும் கையெல்லாம் கன்றுகிறது. இருதயத்துக்கு ஆஸ்பிரின் சாப்பிடுகிறேன். எனக்கும் அந்த வில்லி நோயா?

லேப் சரோஜா: ஐயா, உங்களுக்கு ஆஸ்பிரினே காரணமாக இருக்கலாம், பிளேட்லெட்டை வேலை செய்யவிடாமல் தடுப்பதுதான் அதன் வேலை. டாக்டரைக் கேட்காமல் நிறுத்திவிடாதீர்கள். தங்கச்சி, உங்கள் மகளுக்கு ஆஸ்பிரின் வேண்டாம். மாதவிடாய் வலிக்கு நம் பெண்கள் சாதாரணமாகப் போடும் பொன்ஸ்டானும் வேண்டாம். பனடோல் போதும்.

தோட்டத்து ராஜு: 268 நார்மலா இல்லையா? அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

லேப் சரோஜா: நார்மல்தான்! அதுதான் இந்த நோயின் குணமே. 1926-ல் பின்லாந்து டாக்டர் எரிக் வான் வில்லிபிராண்ட் எழுதிவைத்த ஓலாந்து தீவுச் சிறுமிக்கும் எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது. அவள் பிறகு மாதவிடாய் ரத்தப்போக்கிலேயே இறந்துபோனாள்.

குமரன் ஈப்போ: ரத்தம் உறையும் நேரத்தையும் பார்ப்பார்களே, அதில் தெரிந்துவிடாதா?

லேப் சரோஜா: லேசான நோயில் அதுவும் நார்மலாகவே வரும், தம்பி. அந்தப் புரதத்தின் அளவையும் அதன் செயலையும், ரத்தம் உறைய உதவும் எட்டாம் காரணியையும் தனியாகக் கேட்டுச் சோதிக்க வேண்டும். அந்தப் புரதம் 30 சதவீதத்துக்குக் கீழே என்றால் நோய் என்பார்கள். 30-லிருந்து 50 வரை என்றால் ரத்தம் போன கதையையும் சேர்த்துத்தான் முடிவு செய்வார்கள். ஓ வகை ரத்தக்காரர்களுக்கு இயல்பாகவே கொஞ்சம் குறைவு. காய்ச்சலிலோ ஊசிக்குப் பயந்து அழும்போதோ அளவு ஏறிவிடும். ஒரு தடவை நார்மல் என்று வந்தால் விட்டுவிடாமல் திரும்ப எடுக்கச் சொல்லுங்கள். கிளினிக்கில் கடிதம் வாங்கிக்கொண்டு ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

தமிழ்வாணி: இப்போது ரத்தம் வந்தால் தலையை அண்ணாந்து பிடிக்கச் சொல்கிறார் மாமியார்.

லேப் சரோஜா: வேண்டவே வேண்டாம், ரத்தம் தொண்டைக்குள் இறங்கும். முன்னால் குனிந்து உட்காரவைத்து, மூக்கெலும்புக்குக் கீழே மெத்தென்று இருக்கும் இடத்தை 10 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நடுவில் எடுத்து எட்டிப்பார்க்கக் கூடாது. அரை மணி நேரமாகியும் நிற்கவில்லை என்றால் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

தோட்டத்து ராஜு: டிங்கி வந்தபோது என் பேரனுக்கு பிளேட்லெட் 40-க்கு இறங்கியது. பப்பாளி இலைச் சாறுதான் ஏற்றிவிட்டது. அப்போதும் இந்த அம்மா என்னைச் சண்டைக்கு இழுத்தார்.

லேப் சரோஜா: டிங்கியில் காய்ச்சல் விட்டுச் சில நாளில் அது தானாக ஏறும். அன்றைக்கும் இதைத்தான் சொன்னேன்.

தோட்டத்து ராஜு: கோயில் கூட்டத்திலும் உங்கள் பேச்சுதான் கடைசிப் பேச்சு. இங்கேயும் அதுவா?

லேப் சரோஜா: கோயில் கணக்கை அங்கேயே கேட்டுக்கொள்கிறேன், அதற்கும் நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

செல்லையா: பனடோல் எத்தனை போடலாம்?

தோட்டத்து ராஜு: 268 நார்மல். அவ்வளவுதான்.