போச்ட் எக் போட்டா வெள்ளைக்கரு நூல் நூலா பிரிஞ்சு போகுது, வினிகர் ஊத்தியும் சரியாகல, உதவி ப்ளீஸ்

அனு_சமைக்கிறா

எல்லாருக்கும் வணக்கம். போச்ட் எக் ட்ரை பண்றேன், மஞ்சள் கரு ஒழுங்காதான் வருது, ஆனா வெள்ளைக்கரு பாதிக்கு மேல தண்ணியிலயே கரைஞ்சு நூல் நூலா மிதக்குது, மேல ஒரே நுரை, அடியில ஒட்டிக்கிட்டு பாத்திரம் கழுவுறதுக்குள்ள போதும் போதும்னு ஆகுது. வீடியோல பாத்த மாதிரி வினிகர் ஊத்துறேன், கரண்டியால நல்லா வேகமா சுத்தி விட்டு நடுவுல முட்டைய உடைச்சு ஊத்துறேன். தண்ணி நல்லா தளதளன்னு கொதிக்குது. முட்டை ஃப்ரிட்ஜ்ல ரெண்டு வாரம் கிட்ட இருந்தது, ஆனா கெட்டுப் போகல. வினிகர் இன்னும் கூட்டணுமா? இப்ப சின்ன பாத்திரத்துல ரெண்டு டேபிள்ஸ்பூன் ஊத்துறேன், அதுக்கே லேசா புளிக்குது.

ரவி_கே

வினிகர்தான் மெயின். வினிகர் ஊத்தினா தண்ணியோட கொதிநிலை ஏறும், சூடு கூடும், அதான் வெள்ளைக்கரு டக்குனு வெந்து பிடிச்சுக்குது. நீங்க முட்டைய போடுறதுக்கு முன்னாடி இன்னும் வேகமா சுத்தி விடுங்க, சுழல் ஆழமா இருந்தா முட்டை நடுவுல போய் உருண்டையா நிக்கும்.

சுமதி அக்கா

நான் எப்பவுமே முட்டை வேக வைக்கும்போது தண்ணியில கொஞ்சம் வினிகர் விடுவேன்மா, ஓடு கீறல் விட்டாலும் உள்ள இருக்குறது வெளிய பொங்கி வராது. உனக்கும் அதே பிரச்சனைதானே? முட்டைய ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்து நேரா கொதிக்கிற தண்ணியில போடாதே, ஓடு வெடிச்சுரும்.

அனு_சமைக்கிறா

இல்லக்கா, ஓட்டோட வேக வைக்கல, உடைச்சு தண்ணிக்குள்ள ஊத்துறது 🙂

பானுமதி

ரவி, வினிகர் ஊத்தச் சொன்னது சரி, ஆனா காரணம் அது இல்ல. ஒரு ஸ்பூன் வினிகர்ல கொதிநிலை ஏறுறதெல்லாம் கணக்குலயே வராது, அதோட போச்ட் எக்குக்கு தண்ணி கொதிக்கவே கூடாது. நான் ஓட்டல் கிச்சன்ல காலை ஷிஃப்ட்ல முட்டை ஸ்டேஷன் பாத்தவ, அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன், பொறுத்துக்கோங்க.

முதல்ல முட்டைய ஒரு தட்டுல உடைச்சு பாருங்க அனு. வெள்ளைக்கரு ரெண்டு வகையா தெரியும். மஞ்சள் கருவ சுத்தி கெட்டியா மேடா நிக்கிறது ஒண்ணு, அதுக்கு வெளிய தண்ணி மாதிரி ஓடுறது இன்னொண்ணு. கலைஞ்சு நூலா போறது முக்காவாசி அந்த தண்ணி பாகம்தான். புது முட்டையில இது கொஞ்சமாதான் இருக்கும். நாளாக நாளாக ஓட்டுல இருக்குற நுண்ணிய துளை வழியா கார்பன் டை ஆக்சைடு வெளிய போயிட்டே இருக்கும், உள்ள காரத்தன்மை ஏறும், கெட்டியா இருந்ததும் தளர்ந்து தண்ணியாகும். ரெண்டு வாரத்து முட்டை சாப்பிட நல்லாதான் இருக்கும், ஆனா போச் பண்ண அது கஷ்டமான முட்டை. தண்ணியில போட்டு பாருங்க, அடியில படுத்து கிடந்தா புதுசு, அடியிலயே ஒரு முனையில நிமிர்ந்து நின்னா பழசு.

வினிகர் விஷயம் இப்படி. வெள்ளைக்கரு புரதத்துல ஒரே மாதிரி மின்னூட்டம் இருக்கும், அதனால ஒண்ண ஒண்ணு தள்ளிக்கிட்டே இருக்கும். சூடு பட்டு பிரிஞ்சு பின்னி பிடிச்சாதான் கெட்டியாகும். புளிப்பு சேர்ந்தா அந்த தள்ளல் குறையுது, அதனால இன்னும் குறைஞ்ச சூட்டுலயே சீக்கிரம் ஒட்டிக்குது. அதாவது முட்டை தண்ணியில விழுந்ததும் வெளிப்பக்கம் சட்டுனு பிடிச்சுக்கும், பரவ டைம் கிடைக்காது. அவ்ளோதான் அது செய்யுற வேலை. ஏற்கனவே தனியா ஓடுற தண்ணி வெள்ளைய திருப்பி முட்டையோட சேர்க்க அதால முடியாது, அதுவும் பிடிச்சுக்கும், ஆனா பிடிச்ச இடத்துலயே துணுக்கா மிதக்கும். நீங்க கூட்டக் கூட்ட நுரையும் துணுக்கும் கூடுறது அதனாலதான், முட்டையோட மேல்பக்கமும் சொரசொரன்னு ஆயிரும். ஒரு லிட்டர் தண்ணிக்கு சாதா வெள்ளை வினிகர் ஒரு டேபிள்ஸ்பூன் போதும்.

ஸ்பூன்_செல்வா

அப்போ சுத்தி விடுறது சும்மா ஷோவா மேடம்? நான் சுத்தாமலேதான் போடுறேன், ஓரளவு நல்லாவே வருது.

பானுமதி

ஷோ இல்ல தம்பி, ஆனா மெதுவா சுத்தணும். டீ கப்ப கலக்கி விட்டு எடுத்தா டீத்தூள் எல்லாம் ஓரத்துக்கு போகாம அடியில நடுவுல வந்து குவியும் பாத்திருக்கியா, அதே கதைதான் இங்கயும். சுத்துற தண்ணியில அடிப்பக்கம் ஓட்டம் நடுவ நோக்கி வரும், முட்டை நடுவுல நிக்கும், பின்னாடி இழுபடுற வெள்ளைக்கரு மஞ்சள் கருவ சுத்தி போர்த்திக்கும். வேகமா சுத்தினா நேர் எதிரா நடக்கும், இன்னும் பிடிக்காத வெள்ளைய ஓட்டமே இழுத்து கிழிச்சு நீளமா நூலாக்கிரும். அனு சொன்ன நூல் நூலா போறதுக்கு பாதி காரணம் இதுதான்னு நினைக்கிறேன், மீதி கொதி. அதனால கரண்டிய வச்சு ரெண்டு மூணு சுத்து சுத்திட்டு கரண்டிய எடுத்துரு, தண்ணி வேகம் குறைஞ்சு சோம்பலா சுத்தும்போதுதான் முட்டைய விடணும். புது முட்டைன்னா சுத்தாமலும் வரும், உனக்கு வர்றது அதனாலதான்.

அனு_சமைக்கிறா

சூப்பர் மேடம், ரொம்ப நன்றி. ஆனா கொதிக்கக் கூடாதுன்னா எவ்ளோ சூடு? தெர்மாமீட்டர் இல்ல. எனக்கு புது முட்டையும் இப்ப கைவசம் இல்ல, இருக்குறத வச்சே ஏதாவது பண்ண முடியுமா?

பானுமதி

முடியும். கண் கரண்டி, அதாவது பொரிச்சு எடுக்குற ஓட்டைக் கரண்டி இருந்தா அதுல, இல்லன்னா சின்ன வடிகட்டில முட்டைய உடைச்சு ஊத்தி ஒரு அரை நிமிஷம் லேசா ஆட்டி விடுங்க. தண்ணி வெள்ளை கீழ வடிஞ்சிரும், கெட்டி வெள்ளையும் மஞ்சள் கருவும் மேல நிக்கும். பழைய முட்டையில நிறைய வடியும், பயப்படாதீங்க, எப்படியும் நூலா போயிருக்க வேண்டியதுதான் அது. வடிஞ்சத ஆம்லெட்ல சேர்த்துக்கலாம். அப்புறம் நின்னத ஒரு சின்ன கிண்ணத்துக்கு மாத்திக்கோங்க.

தண்ணி மூணு நாலு இஞ்ச் ஆழம் வேணும். சூடு 80 லேர்ந்து 90 டிகிரி செல்சியஸ்குள்ள. தெர்மாமீட்டர் இல்லன்னா கண்ணாலயே பாக்கலாம், அடியில குட்டி குட்டி குமிழ் ஒட்டிக்கிட்டு இருக்கும், ஒண்ணு ரெண்டு மேல வரும், நல்லா ஆவி பறக்கும், ஆனா மேல்தண்ணி உடையாம கிட்டத்தட்ட அமைதியா இருக்கும். ஒரு தடவ கொதிக்க விட்டு சிம்முக்கு கொண்டு வந்து அடங்குற வரைக்கும் காத்திருங்க. கிண்ணத்த தண்ணியோட ஒட்டி சாய்ச்சு வழுக்கி விடுங்க, மேலேர்ந்து தொப்புனு போட்டா விழுற வேகத்துலயே வெள்ளை சிதறிரும். மூணு நிமிஷம், ஃப்ரிட்ஜ் முட்டைன்னா இன்னும் அரை நிமிஷம். கரண்டில தூக்கி விரலால தொட்டு பாத்தா வெள்ளை உறுதியாவும் நடு மட்டும் தளதளன்னும் இருக்கணும்.

அடியில ஒட்டுறதுக்கு முதல் அரை நிமிஷம் கழிச்சு கரண்டிய அடியில லேசா விட்டு ஒரு தட்டு தட்டுங்க, அதுக்கு முன்னாடி தொட்டா கிழியும். பாத்திரம் கழுவும்போது முதல்ல பச்சத் தண்ணியில ஊற விடணும், சுடுதண்ணி ஊத்தினா ஒட்டினது இன்னும் வெந்து பிடிச்சுக்கும்.

ரவி_கே

ஓகே கொதிநிலை மேட்டர் நான் தப்பா நினைச்சுட்டு இருந்திருக்கேன். வினிகர் இல்லன்னா எலுமிச்சை சாறு ஓகேவா? அப்புறம் உப்பு போடலாமா, எங்க வீட்டுல போடாதேன்னு ஒருத்தர் போடுன்னு ஒருத்தர்.

பானுமதி

எலுமிச்சை தாராளமா, புளிப்புதான் வேணும், வாசனை மட்டும் கொஞ்சம் ஒட்டும். உப்பும் வெள்ளைக்கரு பிடிக்கிறதுக்கு உதவுறதுதான், ஆனா வினிகர் மாதிரியே துணுக்கையும் கூட்டும். நான் தண்ணியில போடுறதில்ல, தட்டுல மேல தூவிக்குவேன்.

வேந்தன்_7

நான் ஒத்துக்க மாட்டேன், உப்பு போட்ட தண்ணியில வெந்தா முட்டைக்கே ருசி ஏறுது, மேல தூவினா அது வேற மாதிரி. துணுக்கு வந்தா வரட்டும். இன்னொண்ணு, வடிகட்டி யூஸ் பண்ணினா வினிகரே தேவையில்லன்னுதான் என் கருத்து, ரெண்டையும் பண்றது ஓவர்.

பானுமதி

புது முட்டைய வடிச்சா வினிகர் இல்லாம நானும் போட்டிருக்கேன், நல்லாவே வந்துச்சு. பழைய முட்டைக்கு ரிஸ்க் எடுக்க மாட்டேன்.

அனு_சமைக்கிறா

அதே பழைய முட்டைலயே போட்டு பாத்துட்டேன்! வடிகட்டில வச்சதும் எவ்ளோ தண்ணி வடிஞ்சுதுன்னா எனக்கே ஷாக், கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு. ஒண்ணரை லிட்டர் தண்ணி, ஒண்ணரை டேபிள்ஸ்பூன் வினிகர், மெதுவா சுத்தி விட்டு வேகம் அடங்கினதும் கிண்ணத்துலேர்ந்து வழுக்கி விட்டேன். சைஸ் சின்னதா வந்துச்சு, ஒரு பக்கம் குட்டி வால் நீட்டிக்கிட்டு இருந்துச்சு, ஆனா தண்ணி தெளிவா இருக்கு, புளிப்பும் இல்ல. மூணரை நிமிஷத்துல மஞ்சள் கரு ஓரம் லேசா கெட்டியாயிருச்சு, அடுத்த தடவ மூணு. இப்ப அடுத்த டவுட், நாலு பேருக்கு ஒண்ணா போடணும்னா எப்படி சுத்தி விடுறது?

பானுமதி

சுத்தாதீங்க, சுழல் ஒரு முட்டைக்கு மட்டும்தான், ரெண்டாவத போட்டா ரெண்டும் மோதி ஒட்டிக்கும். அகலமான பாத்திரத்துல நிறைய தண்ணி வச்சு, எல்லாத்தையும் முன்கூட்டியே வடிச்சு தனித்தனி கிண்ணத்துல எடுத்து வச்சுக்கிட்டு, இடம் விட்டு ஒவ்வொண்ணா ஓரமா விடுங்க. குளிர்ந்த முட்டை நாலு விழுந்தா சூடு குறையும், அடுப்ப லேசா கூட்டிக்கோங்க. எந்த முட்டைய முதல்ல போட்டீங்களோ அதையே முதல்ல எடுக்கணும், கடிகார முள் போற வரிசைல போட்டா குழப்பம் வராது. வால் வேணாம்னா கத்தரிக்கோலால வெட்டி விட்டுருங்க, நாங்க அப்படித்தான் பண்ணுவோம்.

சுமதி அக்கா

சரிம்மா, இப்பதான் புரியுது நீ என்ன கேட்டேன்னு 😄 அப்போ அந்த ரெண்டு வாரத்து முட்டை மிச்சம் இருந்தா ஓட்டோட வேக வச்சிரு, பழசானாதான் ஓடு சுலபமா உரியும்.

ஸ்பூன்_செல்வா

முன்னாடியே போட்டு வச்சுட்டு அப்புறமா சூடு பண்ண முடியுமான்னு யாராவது சொல்லுங்க, காலைல நாலு கிண்ணம் வச்சு நிக்க எனக்கு பொறுமை இல்ல.

பானுமதி

முடியும், ரெண்டே முக்கால் நிமிஷத்துல எடுத்து ஐஸ் தண்ணியில போட்டு, அப்படியே தண்ணியோட மூடி ஃப்ரிட்ஜ்ல வை. மறுநாள் கை பொறுக்காத சூட்டுல, ஆனா கொதிக்காத தண்ணியில ஒரு நிமிஷம் கிட்ட விட்டு எடு. ஐஸ் தண்ணி அந்த வினிகர் வாசனையையும் கழுவிரும்.