படுக்கையருகே எழுதிய குறிப்பை ரிஃப்ளெக்‌ஷனாக மாற்ற உதவி வேண்டும்

திருகோணமலையில் சத்திரசிகிச்சை விடுதியில் பயிற்சி பெறும் மருத்துவ மாணவன். போர்ட்ஃபோலியோ பதிவு ஒன்றில் சிக்கி நிற்கிறேன். வரம்பு 600 சொல்.

நீரிழிவால் பாதம் அழுகிய ஒரு ஐயாவுக்கு, முழங்காலுக்குக் கீழே காலை எடுக்க வேண்டும் என்று டொக்டர் சொன்னபோது பக்கத்தில் நின்றேன். என் குறிப்பு இவ்வளவுதான்: “மகன் - அப்பாட்ட சொல்லாதீங்க. திரை மூடவில்லை. ஐயா: இனி தோணி தள்ளலாமா தம்பி? யாரும் பேசவில்லை. அப்புறம் டொக்டர் கதிரையை இழுத்து இருந்தார்.”

அனுபவத்தைத் திரும்பிப் பார்த்து எழுத உதவும் கிப்ஸ் சுழற்சியின் ஆறு தலைப்புகளில் எழுதிப் பார்த்தேன். நடந்ததைச் சொல்லவே பாதி இடம் போய்விட்டது, பகுப்பாய்வு இரண்டே வரி. கெட்ட செய்தி சொல்வதற்கான ஸ்பைக்ஸ் படிகளோடு ஒப்பிட்டால் டொக்டருக்கு மதிப்பெண் போட்ட மாதிரி வருகிறது. மேற்பார்வையாளரும் “இது கேஸ் ஹிஸ்டரி” என்றுதான் திருப்பித் தந்தார். ஐயாவின் பெயர், கட்டில் எண், ஊர் எல்லாம் பதிவிலிருந்து எடுத்தாயிற்று. தொழிலையும் மாற்றிவிட்டேன், தோணி இங்கே பொய்தான்.

மகனின் வேண்டுகோள், அந்த மௌனம் - இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துப் பகுப்பாய்வை எழுதுவதானால், நீங்கள் எதை எடுப்பீர்கள், ஏன்?